ஓவியத்துக்கு விலை போடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ஓவியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெயிண்டிங்குக்கு சதுர இன்ச் கணக்கில் விலை போடச் சொல்கிறார்கள். அது சரிதானா?

எப்போதும் ஒரே அளவில் வரைகிறவருக்குச் சரி. அளவு மாறியதும் கணக்கு இடறும்.

18×24 இன்ச் கேன்வாஸ் ஒன்று 7,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். 432 சதுர இன்ச். வகுத்தால் சதுர இன்ச்சுக்கு 16 ரூபாய் 20 காசு. இதே வீதத்தில் 6×8 இன்ச் சின்னப் படத்துக்கு 778 ரூபாய்தான் வரும். கேன்வாஸ், வண்ணம், ஒரு நாள் உழைப்பு எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்காது. மறுபக்கம் 48×60 இன்ச் பெரிய படத்துக்கு 46,656 ரூபாய் வரும். 7,000 ரூபாய்க்கு வாங்கிப் பழகிய வாடிக்கையாளர் வட்டத்தில் அதைக் கேட்பவர் கிடைப்பது அரிது.

காரணம் எளிது. நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. வாங்குபவர் மனத்தில் விலை அப்படி ஏறுவதில்லை. பெரிய படத்துக்குக் கூடுதலாகத் தருவார், ஆனால் நான்கு மடங்கு தரமாட்டார். அதனால் பலரும் நீளத்தையும் அகலத்தையும் பெருக்காமல் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை ஒரு வீதத்தால் பெருக்குகிறார்கள். 18×24 என்றால் 42 இன்ச். 7,000-ஐ 42-ஆல் வகுத்தால் இன்ச்சுக்கு 167 ரூபாய். இதே வீதத்தில் 6×8 படத்துக்கு 2,338 ரூபாயும் 48×60 படத்துக்கு 18,036 ரூபாயும் வருகின்றன. முதல் விலை நியாயம். இரண்டாவது கொஞ்சம் குறைவு. அதற்கான திருத்தம் கீழே வருகிறது. இந்தக் கூட்டுத்தொகையை இனி ‘கூட்டு இன்ச்’ என்று சொல்வோம்.

சரி, அந்த வீதத்தை எங்கிருந்து எடுப்பது? 167 என்பது எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. வீதம் உங்கள் சொந்த விற்பனைக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்து ஓவியரின் வீதம் அவருடைய வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லும், உங்களுடையவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கிருஷ்ணகிரி அணை, ஒகேனக்கல் பரிசல், மாந்தோப்பு என்று உள்ளூர்க் காட்சிகளை வரைகிற ஓவியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கடந்த இரண்டு ஆண்டில் அவர் விற்றவை இவை. ஃபிரேமோடு விற்ற இடத்தில் ஃபிரேம் செலவைக் கழித்த பிறகுதான் வகுத்திருக்கிறோம்.

| அளவு | ஊடகம் | வாங்கியவர் தந்த தொகை (₹) | கூட்டு இன்ச் | இன்ச்சுக்கு (₹) |
|---|---|---|---|---|
| 10×12 | அக்ரிலிக், கேன்வாஸ் | 3,500 | 22 | 159 |
| 12×16 | அக்ரிலிக், கேன்வாஸ் | 4,500 | 28 | 161 |
| 18×24 | அக்ரிலிக், கேன்வாஸ் | 7,000 | 42 | 167 |
| 18×24 | அக்ரிலிக், கேன்வாஸ் | 9,500 (ஃபிரேம் 2,000) | 42 | 179 |
| 24×36 | அக்ரிலிக், கேன்வாஸ் | 10,500 | 60 | 175 |
| 24×30 | அக்ரிலிக், கேன்வாஸ், கேலரி வழியாக | 15,000 | 54 | 278 |
| 30×40 | அக்ரிலிக், கேன்வாஸ், தாய்மாமா வாங்கியது | 30,000 | 70 | 429 |
| 10×14 | நீர்வண்ணம், தாள் | 2,500 | 24 | 104 |
| 12×18 | நீர்வண்ணம், தாள் | 5,000 (ஃபிரேம் 1,800) | 30 | 107 |

முதல் ஐந்து வரிகளைப் பாருங்கள். எல்லாம் நேரடியாக, அறிமுகமில்லாதவர்களுக்கு விற்றவை. கூட்டு இன்ச் வீதம் 159-க்கும் 179-க்கும் நடுவே நிற்கிறது. இதே ஐந்தைச் சதுர இன்ச்சில் வகுத்தால் 10×12-க்கு 29 ரூபாயும் 24×36-க்கு 12 ரூபாயும் வரும், இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு முறையிலும் வகுத்துப் பாருங்கள், எதில் எண்கள் நெருங்கி நிற்கின்றனவோ அதுதான் உங்கள் முறை.

ஐந்து வீதங்களையும் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 159, 161, 167, 175, 179. நடுவில் நிற்பது 167. சராசரி எடுக்காமல் நடு எண்ணை எடுப்பதற்குக் காரணம் உண்டு. தப்பித்தவறி ஒரு விசித்திர விற்பனை உள்ளே நுழைந்துவிட்டாலும் நடு எண் அதிகம் நகராது. தாய்மாமா விலையையும் சேர்த்துச் சராசரி போட்டால் 212 வரும். நடு எண் 171-ஐத் தாண்டாது.

தாய்மாமா 30,000 கொடுத்தது நிஜமான பணம்தானே? அதை ஏன் கணக்கில் சேர்க்கக் கூடாது?

பணம் நிஜம், ஆனால் அது படத்துக்குத் தந்த விலை அல்ல. மருமகனுக்குச் செய்த சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி 30×40 படங்களுக்கெல்லாம் 30,000 எழுதி ஒட்டினால் அடுத்த ஆண்டு முழுக்க அவை சுவரிலேயே தொங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நண்பருக்கு ‘சும்மா ஒரு ஆயிரம் கொடு’ என்று தந்ததையும், கல்யாணப் பரிசாகக் கொடுத்ததையும் சிலர் கணக்கில் சேர்த்து வீதத்தைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். உறவு, நட்பு இரண்டையும் கணக்கு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு குறி போடுங்கள், வீதம் எடுக்கும்போது விடுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்திய விற்பனைகளையும் அப்படியே. அவை வேறு விலைவாசியில், பெரும்பாலும் வேறு கையால், நடந்தவை.

நீளமான பனோரமா படம் வரைகிறேன். 12×48. இதற்கும் கூட்டித்தான் போடுவதா?

அங்கே கூட்டல் கைவிடும். 12×48 படத்துக்கும் 24×36 படத்துக்கும் கூட்டு இன்ச் 60 தான். ஆனால் முன்னதன் பரப்பு 576 சதுர இன்ச், பின்னதன் பரப்பு 864. பாதி கேன்வாஸ் கூடுதலாகக் கிடைக்கிற படத்துக்கும் இதற்கும் ஒரே விலை என்றால் வாங்குபவர் கண்ணிலேயே படும்.

ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டால், அதே பரப்புள்ள சதுரம் எது என்று பாருங்கள். 576-இன் வர்க்கமூலம் 24. ஆகவே இதை 24×24 படமாக நினைத்து 48 கூட்டு இன்ச் போடுங்கள்: 48 × 167 = 8,016, அதாவது 8,000 ரூபாய். இரண்டு மடங்கு வரைக்கும் உள்ள சாதாரண நீள்சதுரங்களுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, வித்தியாசம் சொற்பம்.

எத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்பதற்கு மதிப்பே இல்லையா?

உண்டு, ஆனால் வேறு இடத்தில். விலையை நிர்ணயிப்பது அளவும் ஊடகமும் விற்பனைப் பதிவும். மணிக்கணக்கு, அந்த விலையில் வேலை செய்வது உங்களுக்குக் கட்டுமா என்று சோதிக்கிற தராசு.

முதலில் உங்களுக்கான அடிக்கூலியை வையுங்கள். உங்கள் ஊரில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் நல்ல மேஸ்திரிக்கு நாள் கூலி என்னவென்று கேட்டு எட்டால் வகுங்கள். அதற்குக் கீழே ஓவியர் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. நம் கிருஷ்ணகிரி ஓவியர் மணிக்கு 150 ரூபாய் என்று வைத்திருக்கிறார்.

அவருடைய 24×36 படத்தை எடுப்போம். 60 கூட்டு இன்ச், வீதம் 167, விலை சுமார் 10,000. கேன்வாஸ், வண்ணம், வார்னிஷ் சேர்ந்து 2,500 செலவு. வேலை 38 மணி. 10,000-இல் 2,500 போக 7,500. அதை 38-ஆல் வகுத்தால் மணிக்கு 197. அடிக்கூலியைத் தாண்டிவிட்டது, நல்லது.

இனி 48×60. 108 கூட்டு இன்ச், விலை 18,000. பொருள் செலவு 7,000, வேலை 110 மணி. மிச்சம் 11,000, மணிக்கு வெறும் 100. கூட்டு இன்ச் முறை பெரிய அளவில் குறைத்துப் போடுகிறது என்று முன்னே சொன்னது இதைத்தான். அடிக்கூலி கிடைக்க வேண்டுமானால் 110 × 150 + 7,000 = 23,500 வர வேண்டும். அதை 108-ஆல் வகுத்தால் 218.

ஆக, அவர் படிப்படியாக வைக்கிறார். 70 கூட்டு இன்ச் வரை 167, 71 முதல் 90 வரை 190, அதற்கு மேல் 218. ஒரேயடியாக 167-இலிருந்து 218-க்குத் தாவினால் இரண்டு இன்ச் பெரிய படம் நான்காயிரத்துக்கு மேல் கூடுதலாக நிற்கும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவும் முடியாது.

மணிக் கணக்கில் எதைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். கேன்வாஸ் இழுத்துக் கட்டுவது, ஜெஸ்ஸோ பூசுவது, பென்சில் வரைவு, வண்ணம், வார்னிஷ், படத்தைப் போட்டோ எடுப்பது எல்லாம் வேலைதான். காயக் காத்திருக்கும் நேரம் வேலை அல்ல. ஆயில் படம் தொடும் அளவுக்குக் காயவே பல நாள் ஆகும், முழு வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். அந்த நாள்களை மணியாக எண்ணினால் கணக்கு அபத்தமாகிவிடும். இடம் தேடி அணைக்கரைக்குப் போய் வந்ததை அந்தத் தொடரில் உள்ள எல்லாப் படங்களுக்கும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஒரே அளவில் இரண்டு படம். ஒன்று 20 மணியில் முடிந்தது, இன்னொன்று திருத்தித் திருத்தி 60 மணி இழுத்தது. இரண்டாவதற்கு அதிகம் கேட்கலாமா?

கூடாது. பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும்போது வாங்குபவருக்குத் தெரிவது இரண்டு 18×24 படங்கள்தான். விலை வேறாக இருந்தால், மலிவானது மட்டம் என்று ஓவியரே சொல்வதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். திருத்தியதால் கூடிய மணிகள் உங்கள் கற்றல் செலவு. மணிக்கணக்கை வைத்தே விலை போடுகிறவருக்கு இன்னொரு கேடும் நேரும். கை பழகி வேகம் கூடக் கூட, அவருடைய படங்கள் மலிவாகிக்கொண்டே போகும்!

ஆனால் ஒரு வகைப் படம் எப்போதுமே மூன்று மடங்கு நேரம் கேட்டால் அது வேறு விஷயம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்த்து நுணுக்கமாக வரைகிற தொடர் என்றால், அதைத் தனித் தொடராக அறிவித்து, தனி வீதம் வைத்து, விலைப்பட்டியலில் தனியாக எழுதுங்கள். தொடர் முழுக்க அந்த வீதமே இருக்க வேண்டும், ஒரு படத்துக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது.

வாட்டர்கலர் விலை ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கிறது? ஆயிலுக்கு அதிகம் வாங்கலாமா?

தாளில் வரைந்தது கேன்வாஸை விடக் குறைந்த விலைக்குப் போவது உலகெங்கும் உள்ள வழக்கம். தாளுக்குக் கண்ணாடியும் மவுண்ட்டும் வேண்டும், ஈரமும் வெயிலும் ஆகாது, கண்ணாடி கீறினாலோ உடைந்தாலோ செலவு. இந்தத் தொல்லையை வாங்குபவர் விலையில் கழித்துக்கொள்கிறார். நீர்வண்ணம் வரைவது கடினம் என்பது உண்மை. அந்த உண்மைக்குச் சந்தையில் பணம் கிடைப்பதில்லை.

எவ்வளவு குறைவு என்பதை மறுபடியும் உங்கள் நோட்டிலிருந்தே எடுங்கள். மேலே உள்ள பட்டியலில் நீர்வண்ண வீதம் 104, 107. சுமார் 105. அக்ரிலிக்கின் 167-ஓடு ஒப்பிட்டால் 0.63. இரண்டே விற்பனையை வைத்து இறுதி முடிவுக்கு வர முடியாது. இப்போதைக்கு அக்ரிலிக் வீதத்தில் 0.65 என்று வைத்து, ஐந்தாறு நீர்வண்ணம் விற்ற பிறகு திரும்பப் பார்க்கலாம். இப்படி விகிதமாக வைத்துக்கொண்டால் ஒரு வசதி: அக்ரிலிக் வீதத்தை உயர்த்தும்போது தாளில் வரைந்தவையும் தானாக உயரும்.

ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும் தனித்தனி வீதம் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆயில் வண்ணத்துக்குக் கூடுதலாகும் செலவு, படத்தின் மொத்த விலையில் சிறு பங்குதான். நம் பகுதியில் வாங்குபவர்களில் பலருக்கு இரண்டையும் சுவரில் பார்த்து வேறுபடுத்தத் தெரியாது. உங்கள் ஆயில் படங்கள் தொடர்ந்து கூடுதல் வீதத்தில் விற்றிருந்தால் மட்டும் பிரியுங்கள்.

கவனிக்க வேண்டிய வேறுபாடு பொருளின் தரத்தில்தான் இருக்கிறது. 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளில், வெளிறாத வண்ணத்தில் வரைந்த படமும், மரக்கூழ்த் தாளில் பள்ளிக்கூட வண்ணத்தில் வரைந்த படமும் இன்று ஒன்றுபோல இருக்கும். சில கோடைகாலம் போனால் இரண்டாவது மஞ்சளாகி, சிவப்பும் ஊதாவும் மங்கத் தொடங்கும். முழு விலை கேட்கிற படத்துக்கு மட்டமான தாள் வேண்டாம். பயிற்சிக்கு வரைந்ததை விற்பதானால், பயிற்சிப் படம் என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

ஃபிரேம் காசையும் விலையில் சேர்த்துவிடலாமா?

தனியாகக் காட்டுங்கள். ஃபிரேம் போட்ட செலவை அப்படியே வாங்குங்கள், அதன் மேல் வீதம் ஏற்ற வேண்டாம். சேர்த்துவிட்டால் விற்பனைப் பதிவு கலங்கிப்போகும். பட்டியலின் நான்காவது வரியில் ஃபிரேமைக் கழிக்காமல் வகுத்திருந்தால் வீதம் 226 என்று வந்திருக்கும். வாங்குபவர் தன் வீட்டுக்கு ஏற்ற ஃபிரேமைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்றால் கழித்துக் கொடுக்கவும் எளிது.

கேலரிக்காரர் 40 சதவீதம் கமிஷன் கேட்கிறார். என் விலையோடு 40 சதவீதம் கூட்டிச் சொல்லட்டுமா?

கூட்டினால் நஷ்டம். 10,000 ரூபாய் படத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 14,000. அதில் கேலரி 40 சதவீதம் எடுத்தால் 5,600 போய் உங்கள் கைக்கு 8,400 தான் வரும். கமிஷன் விற்ற விலையில் கணக்காகிறது, உங்கள் விலையில் அல்ல. 10,000 கைக்கு வர வேண்டுமானால் 0.6-ஆல் வகுக்க வேண்டும்: 16,667.

ஆனால் இதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் 10,000, கேலரியில் 16,667 என்று ஒரே அளவுப் படத்துக்கு இரண்டு விலை வைத்தால், கேலரியில் பார்த்தவர் போனில் உங்களைத் தேடிப் பிடித்து நேரில் வந்து வாங்குவார். கேலரிக்காரருக்குத் தெரிந்த நாளோடு உறவு முடியும். பட்டியலில் 278 ரூபாய் வீதத்தில் கேலரி வழியாக விற்ற படம் இந்தச் சிக்கலின் அடையாளம்தான். அங்கே வாங்கியவர் இன்ச்சுக்கு 278 கொடுத்தார், ஓவியருக்கு வந்தது 9,000, அதாவது அதே 167. நேரில் வந்தவர்கள் இத்தனை நாளாகக் கமிஷன் கழித்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே விலை இருக்க வேண்டும், அது கமிஷனைத் தாங்குகிற விலையாக இருக்க வேண்டும். 24×36 படத்துக்குத் திரும்புவோம். 10,000 விலையில் கேலரி வழி விற்றால் கைக்கு 6,000, பொருள் போக 3,500, மணிக்கு 92. கட்டாது. அடிக்கூலிக்கு வேண்டியது 8,200. அதை 0.6-ஆல் வகுத்தால் 13,667. 60-ஆல் வகுத்தால் இன்ச்சுக்கு 228. கேலரியோடு வேலை செய்ய நினைக்கும் இந்த ஓவியரின் இலக்கு வீதம் 228. அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பது விலை உயர்த்துவது பற்றிய கேள்வியில் வருகிறது.

இன்னொன்று. கேலரியில் விற்ற படத்தை நோட்டில் எழுதும்போது வாங்கியவர் தந்த தொகை, உங்களுக்கு வந்த தொகை இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். வீதம் எடுப்பது முதல் தொகையிலிருந்து, மணிச் சோதனை இரண்டாவதிலிருந்து.

ஓசூரில் இருக்கிறேன். பெங்களூரில் கூடக் கேட்டு, தருமபுரியில் குறைத்துக் கொடுத்தால் என்ன?

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், படத்தின் போட்டோவுக்கு அந்தத் தூரமும் கிடையாது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விலையோடு சுற்றுகிற படத்துக்கு ஊர் பார்த்து விலை வைக்க முடியாது. விலை ஒன்றுதான். ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டியது எதைக் கொண்டுபோகிறீர்கள் என்பதை. தருமபுரியில் 10×12, 12×16, தாளில் வரைந்தவை. பெங்களூருக்கு 24×36, அதற்கு மேல். அனுப்பும் செலவையும் பெட்டிச் செலவையும் பில்லில் தனியாகப் போடுங்கள்.

விலையை எப்போது ஏற்றலாம்? எவ்வளவு?

ஓர் ஆண்டில் காட்சிக்கு வைத்தவற்றில் பாதிக்கு மேல் தற்போதைய விலையில், உறவினர் அல்லாதவர்களுக்கு விற்றிருந்தால் ஏற்றலாம். ஒரு தடவைக்கு 10 முதல் 15 சதவீதம். 167-லிருந்து 228-க்குப் போக வேண்டிய நம் ஓவியர் 11 சதவீதமாக மூன்று படி ஏறினால் போதும்: 185, 206, 228. ஒவ்வொரு படியிலும் விற்பனை தொடர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அதுவரை கேலரிக்குப் படம் தருவதானால் மணிச் சோதனையில் தேறுகிற சின்ன அளவுகளை மட்டும் தரலாம்.

பரிசு வாங்கியது, பத்திரிகையில் படம் வந்தது, குழுக் கண்காட்சியில் இடம் கிடைத்தது எல்லாம் விலை ஏறக் காரணமாகலாம். ஆனால் அவற்றுக்குப் பிறகு விற்பனை கூடியதா என்பதுதான் கேள்வி. கூடவில்லை என்றால் சான்றிதழைச் சுவரில் மாட்டுங்கள், வீதத்தைத் தொட வேண்டாம்.

ஏற்றிய விலையை இறக்குவது மிகச் சங்கடம். போன ஆண்டு 12,000 கொடுத்தவர் இந்த ஆண்டு அதே அளவு 9,000-க்குப் போவதைப் பார்த்தால் மறுபடி வரமாட்டார். அதனால்தான் சின்னப் படிகளாக ஏறச் சொல்கிறோம். விலை அதிகமாகிவிட்டது, எதுவும் நகரவில்லை என்று தெரிந்தால் வீதத்தைக் குறைக்காமல் சில மாதம் சிறிய அளவிலும் தாளிலும் வரையுங்கள். படத்தின் விலை குறையும், வீதம் அப்படியே நிற்கும்.

இதுவரை ஒரு படம்கூட விற்கவில்லை. எனக்கு ஏது பதிவு?

அப்போது மணிக்கணக்கைத்தான் தொடக்கமாக எடுக்க வேண்டும். நீங்கள் அதிகம் வரையும் அளவில் மூன்று படங்களுக்குப் பொருள் செலவும் மணியும் குறித்து, அடிக்கூலியால் பெருக்கிக் கூட்டி, கூட்டு இன்ச்சால் வகுங்கள். மூன்றின் நடு எண் உங்கள் தற்காலிக வீதம்.

பிறகு அதைச் சந்தையோடு ஒப்பிடுங்கள். பெங்களூர் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் வழக்கமாக ஜனவரி முதல் ஞாயிறன்று நடத்தும் சித்ர சந்தை நம் பகுதிக்கு அருகில் கிடைக்கிற மிகப் பெரிய வாய்ப்பு. வீதி நெடுக ஓவியர்கள் படம் வைத்திருப்பார்கள். உங்களைப் போலவே தொடக்க நிலையில், ஒத்த ஊடகத்தில் வரைகிற பத்துப் பதினைந்து பேரின் அளவையும் விலையையும் எழுதி வந்து கூட்டு இன்ச்சால் வகுத்துப் பாருங்கள். ஒட்டியிருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல என்பதை மறக்க வேண்டாம். சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று வந்தால் எவை போயின, எவை தங்கின என்று தெரியும். அந்த இரண்டாவது சுற்றுதான் பயனுள்ளது.

ஏலத்தில் கோடிகளில் போகிற பெயர்களோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. அது வேறு சந்தை.

எல்லோரும் ‘கடைசியா என்ன விலை?’ என்கிறார்கள். பேரத்துக்காக முன்னாலேயே ஏற்றி வைக்கலாமா?

வேண்டாம். ஏற்றி வைத்தால், பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, கூச்சப்படுகிறவருக்கு ஒரு விலை என்றாகும். யாருக்கு எப்போது குறைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: இரண்டு படம் சேர்த்து வாங்குகிறவருக்கு, ஏற்கெனவே வாங்கியவருக்கு, அதிகபட்சம் 10 சதவீதம். மற்றவர்களுக்கு விலைப்பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். அச்சிட்ட தாளில் அளவும் விலையும் வரிசையாக இருந்தால் பேரம் பாதி அடங்கிவிடும்.

குறைத்துக் கொடுத்தால் நோட்டில் குறைத்த தொகையைத்தான் எழுத வேண்டும். பட்டியல் விலையை எழுதிவைத்து அதிலிருந்து அடுத்த வீதத்தை எடுப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். பட்டியலில் 3,674, 7,014 என்று இருக்க வேண்டாம். 5,000 வரை நூறுகளாகவும் அதற்கு மேல் ஐநூறுகளாகவும் முழுமையாக்குங்கள்.

கல்யாண ஜோடி போட்டோ அனுப்பி வரையச் சொல்கிறார்கள். அதற்கும் இதே விலையா?

அளவுக்கான விலை அதேதான், அதன் மேல் இரண்டாவது முகத்துக்குக் கூடுதலாக ஒரு பங்கு. கால் பங்கில் தொடங்கி உங்கள் மணிக்கணக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பாதி முன்பணம், இரண்டு திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் மணிக்கூலி என்று தொடங்கும் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இழப்பு வருவது பெரும்பாலும் திருத்தத்தில்தான். ‘மூக்கு கொஞ்சம் எடுப்பா’ என்று ஏழாவது தடவை கேட்கும்போது தடுக்க அந்த ஒரு வரிதான் இருக்கும். ஆர்டர் படங்களைப் பொது வீதக் கணக்கில் சேர்க்க வேண்டாம், தனிப் பக்கத்தில் வையுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். இந்தக் கணக்கு எனக்கு உதவுமா?

அதிகம் உதவாது. அங்கே தங்க ரேக்குதான் பெரிய செலவு, அது சட்டத்தின் அளவைவிட எவ்வளவு பரப்பில் ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே 15×18 பலகையில் ஆலிலைக் கிருஷ்ணனுக்கு ஆகும் ரேக்கும் தர்பார் ராமருக்கு ஆகும் ரேக்கும் ஒன்றல்ல. பலகை, ரேக்கு, கல் எல்லாவற்றையும் வாங்கிய விலைக்கு எழுதி, மணிக்கூலியைக் கூட்டி விலை சொல்லுங்கள். தங்க விலை நாளுக்கு நாள் மாறுவதால், சொன்ன விலை பத்து நாளுக்குத்தான் செல்லும் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

ஜிஎஸ்டி போட வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் வாங்குபவரிடம் ஜிஎஸ்டி என்று எதையும் வசூலிக்கவும் கூடாது. கையால் வரைந்த ஓவியங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய பில் மாதிரியை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓசூர்க்காரர் பெங்களூருக்கு விற்பது மாநிலம் தாண்டிய விற்பனை, அதற்கான விதிகள் வேறு. முதல் பில் போடும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். வரி எதுவானாலும் அதை வீதத்துக்குள் கலக்காமல் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். நோட்டில் ஏறுவது வரிக்கு முந்திய தொகை.